கரையில் வாசித்த ஓலை

எழுதுவதற்கு நான் ஆளே இல்லை. எட்டாவது வரை படித்தவன். நாலு பேர் நிற்கும் இடத்தில் என் வாயிலிருந்து வார்த்தை வராது. அப்படிப்பட்டவன் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் நேரத்தைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை கரையில் நடந்ததை இப்போது நினைத்தாலும் என் கைகள் பரபரக்கின்றன. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராமேஸ்வரம் தீவின் வடகடல் கரையில் எங்கள் ஊர். மீன் பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள்தான் எல்லாம். நான் அங்கே உபதேசியார். பங்குச் சாமியார் வேறு ஊரில் இருந்தார், பூசைக்கு மட்டும் வந்து போவார். அவர் இல்லாத நாளில் கோயிலைத் திறப்பது, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பது, செத்தவர் வீட்டில் செபமாலை சொல்வது எல்லாம் என் வேலை. ஜெபம் சொல்லும்போது என் சத்தம் கணீரென்று வரும். அது எனக்குமுன் யாரோ எழுதி வைத்த சொல். சொந்தச் சொல் என்றால் தொண்டையிலேயே நின்றுவிடும்.

எங்கள் ஊரில், கரையில் நின்றே இழுக்கிற கரைவலைகள் இரண்டு இருந்தன. கிழக்குத் தெருச் சம்மாட்டிக்கு ஒன்று, மேற்குத் தெருச் சம்மாட்டிக்கு ஒன்று. சம்மாட்டி என்றால் வலைக்கும், வத்தை என்கிற படகுக்கும் சொந்தக்காரர். அவரை நம்பித் தெருவே இருக்கும். ஆனால் வலை இழுக்க ஒரே இடம்தான். மற்ற இடமெல்லாம் கடலுக்கடியில் பார் என்கிற பாறைத் திட்டு, வலையைக் கிழித்துவிடும். அதனால் ஒருநாள் கிழக்கு, மறுநாள் மேற்கு என்று முறை வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு பழைய சட்டம் உண்டு: வலை நனைந்தால் முறை கழிந்தது. மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் அன்றைய முறை அவ்வளவுதான்.

அந்த வருஷம் இந்த 'நனைந்தால்' என்ற ஒரு சொல்லில்தான் ஊர் இரண்டாகப் பிளந்தது.

கிழக்கு வத்தை தன் முறைநாளில் வலையை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பாதி தூரத்தில் காற்று எழும்பி, அலை வத்தைக்குள் அடித்து, வலைக் குவியல் நனைந்துவிட்டது. வலையைக் கடலில் இறக்காமலே திரும்பி வந்துவிட்டார்கள். மறுநாள் காலை, நேற்று நாங்கள் இறக்கவே இல்லையே, எங்கள் முறை இன்னும் பாக்கி என்று கிழக்கார் வந்தார்கள். உங்கள் வலை நனைந்துவிட்டது, இன்று எங்கள் முறை என்று மேற்கார் வந்தார்கள். மேற்கு வலையின் இழுகயிற்றை ஒரு பக்கம் அவர்களும் மறுபக்கம் இவர்களும் பிடித்து இழுத்ததில் நல்ல தென்னங்கயிறு நடுவில் அறுந்து போயிற்று. அதோடு சரி. நீ இறக்கினால் நான் விடமாட்டேன், நான் இறக்கினால் நீ விடமாட்டாய். இரண்டு வலைகளும் மணலில் காய்ந்து கிடந்தன. வாடைக்காற்று வருவதற்குள் பிடித்தால்தான் அந்த வருஷச் சாப்பாடு. இரண்டு தெருவிலும் அடுப்புப் புகை மெலிந்துகொண்டே வந்தது.

ராமநாதபுரத்துக்குப் போய்க் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று இருவரும் சொன்னார்கள். இருவருமே போகவில்லை. கடைசியில் யாரையாவது நடுவில் வைத்துப் பேசலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். கிழக்கார் சொன்ன பெரியவர்களை மேற்கார் ஏற்கவில்லை, மேற்கார் சொன்னவர்களைக் கிழக்கார் ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் தட்டாத பெயர் என்னுடையது மட்டும்தான். காரணத்தை மேற்குச் சம்மாட்டியின் அக்காள் எல்லோர் முன்னிலும் சொன்னார். அந்த அம்மாள் விதவை. தலையில் மீன்கூடையோடு பாம்பன் வரை போய் விற்று வருபவர். தெருவின் உண்மையான சம்மாட்டி அவர்தான் என்று சொல்வார்கள்.

"அவரு வாயில்லாப் பூச்சி. நமக்குச் சாதகமாவும் பேசத் தெரியாது, அவனுக்குச் சாதகமாவும் பேசத் தெரியாது. அவரையே ஒக்கார வைப்போம்."

நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். மத்தியஸ்தம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே என் மனதில் ஒரு திட்டம் உருவாகிவிட்டது. திங்கள், புதன், வெள்ளி கிழக்கு. செவ்வாய், வியாழன், சனி மேற்கு. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு. நனைந்ததா காய்ந்ததா என்ற பேச்சே வராது. சந்தோஷத்தில் எனக்கு நடையே துள்ளிற்று. மனைவியிடம் சொன்னேன்.

"மீனு கிழமை பாத்தா வருது?" என்றாள் அவள்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. திட்டத்தைப் பத்திரமாக உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பேச்சு வைத்த நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், என் மைத்துனர் வந்தார். பின்வாசல் வழியாக வந்தார். கூடவே முக்காடு போட்டுக்கொண்டு இன்னொருவரும் வந்தார். கிழக்குச் சம்மாட்டியின் மனைவி. மைத்துனரை முன்னிட்டுக்கொண்டு எங்கள் மகளைத் தன் மகனுக்குக் கேட்க வந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு முடியும்வரை யாருக்கும் தெரியக் கூடாது. எல்லாம் பேசி முடித்த பிறகுதான் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் விவாகம் நடக்கப் போகிறது, இதற்கு ஏதாவது விக்கினம் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் மூன்று ஞாயிறு கேட்பார். அந்த ஓலைக்கு முன்னால் பேச்சு வெளியே வந்து, பிறகு முறிந்தும் போனால், பெண்ணைப் பிறகு யாரும் கேட்டு வரமாட்டார்கள். அதனால்தான் பின்வாசல்.

என் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உபதேசியார் வீட்டுப் பெண்ணைச் சம்மாட்டி வீட்டில் கேட்பதென்றால் சும்மாவா? நானும் சந்தோஷப்பட்டேன். அவர்கள் போன பிறகுதான் எனக்கு மறுநாள் பேச்சு ஞாபகம் வந்தது.

"நாளைக்கு நான் நடுவுல ஒக்காரணுமே" என்றேன்.

"ஒக்காருங்க. அது வேற, இது வேற."

"இவுக நமக்குச் சம்பந்தியாகப் போறாக. அது தெரியாம மேற்கார் என்னைய நம்பி வாராக."

அவள் முகம் மாறிவிட்டது. "இங்கேருங்க, நாளைக்கு வாயைத் திறந்தியளோ, நம்ம பிள்ள வாழ்க்கை போச்சு. ஒங்களுக்குத்தான் பேசவே வராதே, நாளைக்கும் வராம இருக்கட்டும்."

"வீட்டுலயே இருந்துக்கிறட்டுமா? சுகமில்லைன்னு சொல்லிர்றேன்."

"அப்ப ஏன்னு கேப்பாக. கேட்டாத் தோண்டுவாக."

அதுவும் உண்மைதான். ஒதுங்கிக்கொண்டால் பேச்சு மறுபடி நின்றுபோகும், வலை மணலிலேயே கிடக்கும். சொல்லாமல் உட்கார்ந்தால் மேற்காரை ஏமாற்றியதாக ஆகும். சொல்லிவிட்டு உட்கார்ந்தால் மகளின் கல்யாணம் கரையிலேயே முறிந்து போகும். எனக்கு அந்த ஓலையின் ஞாபகமே வந்து வந்து போயிற்று. இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதற்கே விக்கினம் உண்டா என்று கோயிலில் மூன்று தரம் கேட்கிறோம். இரண்டு தெருவுக்கு நடுவில் உட்காருகிறவனை ஒரு தரமாவது கேட்க வேண்டாமா? யாரும் கேட்கப் போவதில்லை. அப்படியானால் அவனே சொல்ல வேண்டும்.

ஆனால் அது என் கதை மட்டும் இல்லையே. கிழக்குச் சம்மாட்டியின் வீட்டு விஷயமும்தான். சாயங்காலம் அவரைத் தேடிப் போனேன். வத்தைக்குப் பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்கு ஒய்?" என்றார். பெரிய மீசைக்காரர். "நான் ஒம்மகிட்ட தயவு கேட்டேனா? நீரு நியாயமாத்தானே நடப்பீரு?"

"நடப்பேன் சம்மாட்டி. ஆனா பின்னால தெரிஞ்சா, நியாயமா நடந்தேன்னு யாரு நம்புவா? நீங்க ஜெயிச்சாலும் அது ஒட்டாது. ஒங்களுக்குச் சம்மதமில்லைன்னா நான் விஷயத்தைச் சொல்லல. ஆனா நடுவுல ஒக்காரவும் மாட்டேன்."

அவர் வத்தையின் ஓரத்தைக் கையால் தட்டினார். "சொல்லும். எங்க வீட்டுக்காரி என்னையக் கொன்னுருவா. சொல்லித் தொலையும்" என்றார்.

இன்னும் ஒருவர் பாக்கி. கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள் என் மகள். அவளிடம் நேரடியாக நான் எதையும் பேசியதில்லை, அவள் அம்மா மூலம்தான். அன்று நானே பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையில் சாம்பலோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"அய்யா, என்னையக் கேட்டா வந்தாக எல்லாரும்?"

நான் வாளியைக் கிணற்றில் விட்டு அவளுக்குத் தண்ணீர் இறைத்தேன்.

"நீங்களாச்சும் இப்ப கேக்குறியளே" என்று சிரித்தாள். "ஒரு நல்ல காரியத்தை வெளியே சொன்னதுக்கே முறிஞ்சு போறவுகன்னா, அந்த வீட்டுல நான் எப்பிடிக் காலந்தள்ளுவேன்? சொல்லுங்க அய்யா. சத்தமாச் சொல்லுங்க, ஒங்க சத்தம் ஒங்களுக்கே கேக்காது."

மறுநாள் விடிந்ததும் கரையில் கூடினோம். மீன் காயப்போடுகிற வாடிக் கொட்டகையின் நிழலில், கிழக்கார் ஒரு பக்கம், மேற்கார் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நடுவில் எனக்கு ஒரு கவிழ்த்த கூடை. 

"ஆரம்பியும் உபதேசியாரே" என்றார் மேற்குச் சம்மாட்டி. ஒல்லியான மனிதர், அக்காளின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

நான் எழுந்து நின்றேன். வார்த்தை வரவில்லை.   சட்டென்று ஜெபம் சொல்கிற தோரணையில் கையைக் கூப்பிக்கொண்டேன். கை கூப்பியதும் சத்தம் வந்துவிட்டது!

"பேச்சுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். கிழக்குச் சம்மாட்டி மகனுக்கு என் மகளை நேத்துக் கேட்டு வந்திருக்காக. இன்னும் முடிவாகல. முடிவானா நான் அவருக்குச் சம்பந்தி. இது தெரிஞ்ச பெறகும் நான் நடுவுல இருக்கலாமா வேண்டாமான்னு மேற்கார்தான் சொல்லணும்."

  மேற்குப் பக்கத்திலிருந்து ஒருவன் எழுந்து கத்தினான்.

"ஏலே! உபதேசியாரு முதல் ஓலையக் கரையிலயே வாசிச்சிட்டாருலே!"

அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. கிழக்குச் சம்மாட்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளைப் பையன் வத்தைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தான். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, அடைத்துக் கிடந்த வாய்க்கால் திறந்த மாதிரி நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

"இன்னும் இருக்கு! மேற்கு வலை இழுக்குறப்பல்லாம் எனக்குக் கறிக்கு மீன் குடுத்து விடுறாக. கிழக்கு வலையிலயும் குடுக்குறாக. கிழக்காரு குடுக்குறது கொஞ்சம் பெருசா இருக்கும்."

"எவ்வளவு பெருசு?" என்றார் மேற்குச் சம்மாட்டியின் அக்காள்.

"கூடக் கொஞ்சம். பெறகு, எனக்குக் காய்ச்சல் கண்டப்ப மேற்குச் சம்மாட்டிதான் வண்டி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. அந்த நன்றி எனக்கு இருக்கு. பெறகு, மனசுல ஒரு திட்டம் வச்சிருக்கேன், அதையும்..."

"போதும்! போதும்! பாவசங்கீர்த்தனத்தையும் இங்கனயே முடிச்சிரப் போறாரு!" என்றார் அந்த அம்மாள். மறுபடியும் சிரிப்பு.

"நீங்க உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க. நான் தள்ளி நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நான் நீரோரம் போய் முதுகைத் திருப்பி நின்றேன். அலை வந்து காலை நனைத்தது. பின்னால் மேற்கார் சண்டை போடுவது நன்றாகவே கேட்டது.

"சம்பந்திக்காரன் எப்பிடிலே நமக்கு நியாயம் சொல்லுவான்?"

"சொல்லாம இருந்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாம இருந்தா நிம்மதியா இருந்திருப்போம்!"

"மடையா. மக கல்யாணத்தையே பணயம் வச்சுச் சொல்றவரு, நம்ம மீனுக்கா பொய் சொல்லப் போறாரு?" இது அந்த அம்மாளின் குரல்.

கூப்பிட்டார்கள். போனேன். அந்த அம்மாள்தான் பேசினார்.

"நீரே இரும். ஆனா ஒரு நிபந்தன. நீரு தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேளும். ரெண்டு பக்கமும் ஒத்து வந்தாத்தான் முடிவு. இல்லைன்னா எந்திரிச்சுப் போயிருவோம்."

கிழக்குச் சம்மாட்டியைப் பார்த்தேன். அவரும் சம்மதித்தார். எனக்கு உள்ளே கொஞ்சம் வலித்தது, திங்கள், புதன், வெள்ளி என்று அழகாக அடுக்கி வைத்திருந்தேனே. ஆனாலும் கூடையில் உட்கார்ந்தேன். 

நான் கேட்டேன், அவர்கள் பேசினார்கள். கிழக்காரிடம், அன்று வத்தை எதுவரை போயிற்று என்று கேட்டேன். மேற்காரிடம், வலை நனைந்தால் என்பதை உங்கள் அய்யாமார் காலத்தில் எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். முதலில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்கள்.

"மழை பேஞ்சாலும் வலை நனையும். அப்ப முறை கழிஞ்சதா? கேளும் உபதேசியாரே!" என்றார் கிழக்குச் சம்மாட்டி.

"கரையில கெடக்குறப்ப நனையிறது வேற, கடலுக்குப் போயி நனையிறது வேற. சொல்லும் உபதேசியாரே!" என்றார் மேற்குச் சம்மாட்டி.

"அவரு எதுர்லதான் இருக்காரு. அவர்ட்டயே சொல்லுங்க" என்றேன்.

வெயில் ஏறிற்று. பேச்சு அதே இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் கிழக்குச் சம்மாட்டி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அலுத்துப் போச்சு ஒய். நீரே சொல்லிரும். நான் கட்டுப்படுறேன்."

மேற்குச் சம்மாட்டி அக்காளைப் பார்த்தார். அந்த அம்மாளும், "ஏதோ திட்டம்னீரே, சொல்லித்தான் பாருமே" என்றார்.

என் திட்டம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் வாழ்நாளில் இரண்டு தெருவும் வாயைத் திறந்து என் வார்த்தைக்குக் காத்திருந்தது அந்த ஒரு நேரம்தான்.  சொல்லியிருந்தால் அலுப்பில் இருவரும் தலையாட்டியிருப்பார்கள். பிறகு சனிக்கிழமை மீன் விழுந்து வெள்ளிக்கிழமை விழாமல் போனால், உபதேசியார் வைத்த முறை என்று கயிற்றை மறுபடி அறுப்பார்கள்.

"தண்ணியில எறங்குறது நீங்க. நான் கரையில நிக்கிறவன். இப்ப அலுப்புல கேக்குறிய. கொஞ்சம் இளைப்பாறிட்டு நீங்களே..."

நான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மணல்மேட்டில் மீன் பார்க்க நின்றிருந்தவன் துண்டைச் சுழற்றிக் கத்தினான்.

"சூடை! சூடை! மேக்கருந்து வருது! கடலே கறுக்குதுய்யோ!"

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கடலில் ஒரு நிழல் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. மேகம் இல்லாத நாளில் மேக நிழல் போல. அதன் மேல் பறவைகள் விழுந்து எழுந்தன. சூடை மீன் கூட்டம். நேராக எங்கள் வலையிடத்தை நோக்கி வந்தது. பல நாள் பட்டினிக்கும் சேர்த்து வந்த மாதிரி வந்தது!

மேற்காருக்கு வலையும் வத்தையும் நீரோரத்திலேயே கிடந்தன, கயிறுதான் அறுந்து போயிருந்தது. கிழக்காருக்குக் கயிறு இருந்தது, வத்தை தூர மேட்டில் கிடந்தது. அதை இறக்குவதற்குள் மீன் போய்விடும். இரண்டு சம்மாட்டிகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அன்று முதல் தடவையாக.

"யாரு முறை இன்னிக்கி?" என்று கிழக்குப் பக்கம் ஒருவன் பதறினான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"வலை எங்களது, கயிறு ஒங்களது! பாதி பாதி!" என்று கத்தினார் அந்த அம்மாள்.

"பாதி பாதி!" என்று கத்தினார் கிழக்குச் சம்மாட்டி. "ஏலே, கயித்தத் தூக்குங்கலே!"

அடுத்து நடந்ததை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. மேற்காரின் வலையும் கிழக்காரின் கயிறும் மேற்கு வத்தையில் ஏறின. ஒரு கயிற்றின் முனையைக் கரையில் பிடித்துக்கொள்ள, வத்தை கடலில் வளைந்து போய் வலையை இறக்கி, தூரத்தில் மறுமுனையைக் கரைக்குக் கொண்டு வந்தது. மாப்பிள்ளைப் பையன்தான் அந்த முனையோடு கழுத்தளவு நீரில் குதித்து வந்தான். ஒரு முனையை மேற்கார் இழுத்தார்கள், மறுமுனையைக் கிழக்கார் இழுத்தார்கள். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பிடித்தார்கள்.

"உபதேசியாரே, இங்கன வாரும்!" என்றார்கள் கிழக்கார்.

"அங்கன போகாதேயும், இங்கன வாரும்!" என்றார்கள் மேற்கார்.

நான் எந்தக் கயிற்றைப் பிடிப்பது? கிழக்குக்கு இரண்டடி வைத்தேன், மேற்குக்கு இரண்டடி வைத்தேன். "சம்பந்தி பக்கம் போறாரு பாரு!" என்று மேற்கே ஒரு குரல். "மீன் பெருசா இருக்குற பக்கம் போறாரு!" என்று இன்னொரு குரல். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கயிறுகளுக்கும் நடுவில், மடி வந்து ஒதுங்கப் போகிற இடத்தில், இடுப்பளவு நீரில் போய் நின்றேன். மடி என்பது வலையின் அடிப்பை, மீன் வந்து சேருகிற இடம். அங்கே நின்றுகொண்டு என்ன செய்வது? கையை உயர்த்தி, இழுப்புக்குக் குரல் கொடுத்தேன். "மாதாவே!" என்று நான் கத்த, இரண்டு பக்கமும் "ஏலோ!" என்று இழுத்தார்கள். என் சொந்தச் சத்தம் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கரையில் நின்ற என் மகள் கைகொட்டிச் சிரித்தாள். பக்கத்தில் என் மனைவி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு கூட்டமும் இழுக்க இழுக்க நெருங்கி வந்தன. கடைசியில் இரண்டு கயிறும் இரண்டு தெருவும் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டு நின்றன. மடி மேலே வந்தது. வெள்ளியைக் கொதிக்க வைத்த மாதிரி இருந்தது. என் முகத்தில், காதில், சட்டைக்குள் எல்லாம் சூடை துள்ளிற்று.

மீனைப் பங்கு வைத்து முடித்து, எல்லோரும் மணலில் சாய்ந்துகொண்டார்கள். நான் சொல்லாமலே பேச்சு மறுபடி தொடங்கியது. இப்போது அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

"மடி நனைஞ்சா முறை கழிஞ்சது. மடி கடல்ல எறங்காம வந்தா அது முறையில்ல" என்றார் கிழக்குச் சம்மாட்டி.

"அப்பிடியே இருக்கட்டும். ஆனா எங்க கயித்துக்கு என்ன வழி?" என்றார் மேற்குச் சம்மாட்டி.

"கயிறு எனக்கு வேண்டாம்லே" என்று தம்பியை அடக்கினார் அந்த அம்மாள். "வாடை வர்ற வரைக்கும் ஒவ்வொரு வாரமும் முதல் முறை எங்களுக்கு. புதுக் கயிறு முறுக்குற வரைக்கும் ஒங்க கயித்த எரவலாக் குடுங்க. போதும்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. புதுக் கயிற்றையே கேட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. மேற்கார் குறைவாகக் கேட்கிறார்கள், லாபம் என் சம்பந்தியாகப் போகிறவருக்கு. அதனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒரு கேள்வி கேட்டேன்.

"அறுந்த கயித்துக்குப் பதில் கயிறு கேக்க ஒங்களுக்குப் பாத்தியதை இருக்கு. அது தெரிஞ்சுதானே விடுறிய?"

"தெரியும் ஒய். கயிறு ரெண்டு வருசத்துல மக்கிப் போகும். முதல் முறைன்னு பேரு இருக்கே, அது எங்க தெருவுக்கு" என்றார் அந்த அம்மாள். கிழக்குச் சம்மாட்டிக்கு அதைக் கேட்டு முகம் கொஞ்சம் கோணிற்று. ஆனாலும், "சரி, முதல் முறை ஒங்களுக்கே" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, யாருக்கு எது பெரிது என்று என் கணக்குக்குத் தெரியாது.

என் கிழமைத் திட்டத்தை அதற்குப் பிறகு யாருமே கேட்கவில்லை. இன்றுவரை என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

"மீனக் கண்ட குஷியில ஒத்துக்கிட்டியளோ என்னமோ" என்றேன். "வீட்டுக்குப் போயி யோசிங்க. நாளைக்குக் காலையிலயும் இதையே சொன்னியன்னா, அதுதான் முடிவு."

"இவரு நம்மள விடமாட்டாரு போலுக்கே!" என்று அந்த அம்மாள் கூடையைத் தலைக்குத் தூக்கினார். போகிற போக்கில் திரும்பி, "கறிக்கு மீன் எடுத்துக்கிட்டுப் போம். ரெண்டு பக்கமும் கலந்து கெடக்கு, யாரு மீனுன்னு ஒமக்கே தெரியாது" என்றார்.

மறுநாள் காலை இருவரும் கோயில் வாசலுக்கு வந்து அதையே சொன்னார்கள். முதல் முறையில் மேற்கு வலை இறங்கியது. யாரும் தொடாத வழவழச் சொறிமீன்தான் விழுந்தது. மடி நனைந்ததால் முறை கழிந்தது. சாயங்காலம் கிழக்குச் சம்மாட்டியின் மனைவி முக்காடு இல்லாமல் முன்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து, என் மகளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.